மகளை இரவு தங்க அனுப்பும் எண்ணமில்லை: தோழி வீட்டார் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

நொய்யல்கரை

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் மாடியில் இருக்கும் அவளுடைய தோழிக்கு வருகிற சனிக்கிழமை பிறந்தநாள். மாலையில் கேக், பிறகு சாப்பாடு, அதன்பின் ஐந்து பெண்பிள்ளைகளும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துப் படம் பார்ப்பது, காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவது என்று ஏற்பாடு. தோழியின் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாக்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் நேற்று அழைப்பைப் போட்டார். மற்ற மூன்று அம்மாக்களும் உடனே சரி என்றுவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.

ஐந்து வருடப் பழக்கம். அந்த வீட்டின் மீது எனக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. ஆனால் மகளை நாங்கள் இல்லாத இடத்தில் இரவு தங்கவைப்பதில்லை என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதை மாற்றும் எண்ணம் இல்லை.

போன வருடம் இதேபோல் ஓர் அழைப்பு வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு ஏழு மணிக்கு அக்கா மிளகு ரசமும் குழைய வடித்த சாதமும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கதவைத் திறந்தவள் என் மகள், கையில் ஸ்கிப்பிங் கயிறு. அக்கா அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று இருக்கிறேன். உண்மையை எப்படிச் சொல்வது?

சேலத்துக்காரன்

முதலில் பதில் போடுங்கள். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அவர்கள் மனதில் கேள்வி வளரும். காரணத்துக்கு ஏன் இவ்வளவு யோசனை? கணவருக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் மீது பழியைப் போட்டால் பெண்களுக்குள் வருத்தம் வராது. என் மனைவி பத்து வருடமாக என் பெயரைச் சொல்லித்தான் எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கிறார். எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆலமரத்தடி

மதுரையில் பள்ளிகளில் மனநல ஆலோசகராகப் பதினான்கு வருடம் இருந்தேன். பிள்ளைகளுக்குள் நடந்த சண்டை என்று என்னிடம் வந்தவற்றில் பல, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்குள் நடந்த இப்படி ஒரு மறுப்பில் தொடங்கியவைதான்.

சேலத்துத் தம்பி சீக்கிரம் பதில் சொல்லச் சொன்னது மிகச் சரி. கணவர் மீது போடுவதுதான் சரியில்லை. தோழியின் அப்பாவும் இவர் கணவரும் ஒரே இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள். நாளைக்கு அவர், "ஒரு ராத்திரிதானே, விடக்கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் இவர் என்ன பதில் சொல்வார்? அதோடு, "அவருக்குப் பிடிக்காது" என்றால் கேட்பவர் காதில் "உங்கள் வீடு அவருக்குப் பிடிக்காது" என்றுதான் விழும்.

காய்ச்சல் பொய் ஏன் மாட்டிக்கொண்டது என்று பாருங்கள். நம் ஊரில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டார் ரசத்தோடு வருவார்கள். ஊருக்குப் போகிறோம் என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கட்டுமா என்பார்கள். பழக்கம் நெருக்கமாக இருக்க இருக்க, பொய்க் காரணத்தைத் தீர்த்துவைக்க அவர்களே முன்வருவார்கள். ஒன்றைத் தீர்த்தால் நீங்கள் இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டாவது காரணத்திலேயே அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

குழுவில் பதில் போடாதீர்கள். மூன்று "சரி"க்குக் கீழே ஒரு "இல்லை" விழுந்தால், நீங்கள் என்ன நினைத்து எழுதினாலும் அது அந்த வீட்டுக்குப் போட்ட மதிப்பெண் ஆகிவிடும். அக்காவுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் விசாரணையும் வேண்டாம். வீட்டில் யார் யார் இருப்பார்கள், விருந்தாளிகள் தங்குகிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன பிறகு நீங்கள் முடியாது என்றால், அந்தப் பதில்களில் ஏதோ ஒன்றுக்காக மறுத்ததாக ஆகிவிடும். எது என்று அவர் இரவெல்லாம் தேடுவார். அனுப்பலாமா என்ற யோசனை உண்மையிலேயே இருந்தால்தான் கேட்க வேண்டும்.

"தப்பாக நினைக்காதீர்கள்" என்று தொடங்கவே வேண்டாம். தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று அதுதான் முதலில் சொல்கிறது. "உங்கள் மீது நம்பிக்கை இல்லாமல் இல்லை" என்பதும் அப்படித்தான். அவர் நினைக்காத சொல்லை நீங்களே கொண்டுபோய் நடுவில் வைக்கிறீர்கள். எதற்கு வருவாள் என்பதை முதலில் சொல்லுங்கள். எதற்கு வரமாட்டாள் என்பது அதற்குப் பின்னால் சின்னதாக வரட்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அக்கா, பாப்பா சனிக்கிழமைக்கு இப்போதே நாள் எண்ணுகிறாள். ஐந்து மணிக்கே வந்துவிடுவாள், சாப்பாடும் உங்கள் வீட்டில்தான். இரவு மட்டும் நாங்கள் அவளை இன்னும் வெளியே தங்கவைத்துப் பழகவில்லை. பத்து மணிக்கு நானே மேலே வந்து கூட்டிக்கொள்கிறேன். காலை தோசைக்கு ஏழரைக்குத் திரும்ப அனுப்பட்டுமா?"

ஒரே கட்டடத்தில் இருப்பதால் உங்களுக்கு இது வசதி. தூக்கம் மட்டும்தான் அவளுக்குத் தவறுகிறது, மற்றதெல்லாம் கிடைக்கிறது.

மூன்று பிள்ளைத் தாய்

இவ்வளவு மென்மையாகப் பேசி என்ன ஆகப்போகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். போக்சோ சட்டத்தில் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். அக்கம்பக்கத்தார், குடும்ப நண்பர், உறவினர். ஆகவே யார் வீட்டில் இருக்கிறார்கள், படுக்கும் இடம் எது, கதவு பூட்டுவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பிள்ளைக்குத் தொடுதல் பற்றிச் சொல்லிக்கொடுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ மனப்பாடம் செய்யவையுங்கள். சங்கடப்படுவதை விடப் பாதுகாப்பு முக்கியம்.

ஆலமரத்தடி

நீங்கள் சொல்லும் தகவல் சரி. 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது அனுப்பலாமா என்று அல்ல. அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது, அதைச் சொல்லும் விதத்தைத்தான் கேட்கிறார். நீங்கள் தரும் கேள்விகள், அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு உரியவை.

ஸ்கார்பரோ அப்பா

கனடாவில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே என் மகள் வகுப்பில் எட்டு வயதிலேயே இரவு தங்கும் அழைப்புகள் தொடங்கிவிட்டன. நானும் மனைவியும் இரவு பத்து மணி என்று வைத்தோம். இரவு உடுப்போடும் தலையணையோடும் மற்றப் பிள்ளைகளைப் போலவே போவாள். பத்து மணிக்கு நான் போய்க் காரில் கூட்டிவருவேன்.

ஆலமரத்தடி சொன்ன வழி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மூன்றாவது முறை நான் போனபோது படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் போர்வைக்குள் இருக்க, இவள் மட்டும் எழுந்து சப்பாத்துப் போட வேண்டியிருந்தது. அழவில்லை, ஆனால் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு படம் எத்தனை மணிக்கு முடியும் என்று முன்பே கேட்டு, அதற்குப் பத்து நிமிடம் கழித்துப் போகத் தொடங்கினேன். பத்து மணி என்பது எனக்கு முக்கியமில்லை, அவள் நடுவில் எழுந்து வராமல் இருப்பதுதான் முக்கியம். கொண்டுவந்து விடும் வேலையையும் அந்த வீட்டாருக்குத் தரக் கூடாது. அவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. ஆனால் "வெளியே தங்கவைத்துப் பழகவில்லை" என்று என்னால் எழுத முடியாது. மே மாத விடுமுறையில் அவள் பொள்ளாச்சியில் என் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்தாள். தோழிக்கு அது முழுக்கத் தெரியும், அங்கே பிறந்த கன்றுக்குட்டி வரைக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு மூன்றாம் மாடி அக்காவின் மாமியார் இறந்தபோது அவர்கள் இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியிருந்தது. மகளை எங்கள் வீட்டில்தான் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு இரவு என் மகளோடு ஒரே மெத்தையில் தூங்கினாள்.

வாணியம்பாடி மகள்

மறுக்கப்பட்ட பக்கத்திலிருந்து ஒருத்தி பேசுகிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த வீட்டார் உங்கள் சமூகத்தவரா, வேறா?

என் மகள் பிறந்தநாளுக்குத் தோழிகள் ஏழு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ஓர் அம்மா, பிள்ளைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வாரம் அதே பிள்ளை தள்ளுவண்டியில் பானிபூரி சாப்பிட்டுக்கொண்டிருந்ததை என் மகள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. சொன்னதோடு சரி. எட்டு வயதில் அவளுக்கே அது புரிந்துவிட்டது என்பதுதான் எனக்கு வலித்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு "முடியவில்லை" என்ற சொல் தனியாக வருவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் "நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்று கேட்ட எல்லா நாளும் சேர்ந்து வரும். நீங்கள் இரவைத்தான் மறுக்கிறீர்கள். அவர் காதில் வீட்டை மறுத்ததாக விழலாம். உங்கள் வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மாற்றாது. மாற்றக்கூடியது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, கை நனைப்பது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் நாங்கள் கணக்கு வைப்பதில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள்.

நொய்யல்கரை

கோபமில்லை. அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் இந்துக்கள். முதல் பதிவில் ஏன் எழுதவில்லை என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். அது காரணம் இல்லை என்பதால் எழுதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதினால் எல்லாரும் அப்படி நினைத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கிறது.

நோன்பு மாதத்தில் அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புவார். நாங்கள் எல்லாரும் குடிப்போம். வாளியை வெறுமனே திருப்பாமல் முறுக்கோ சுண்டலோ போட்டு அனுப்புவேன். அதனால் எங்களுக்குள் அந்த வித்தியாசமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், ஐந்து வருடத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து நான் ஒரு வேளை முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு ஏதோ வேலை இருந்தது. உண்மையான வேலைதான். அவருக்கு அது எப்படித் தெரியும்?

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் சமூகத்துத் தோழி ஒருவர் வீட்டிலிருந்தும் மகளுக்கு இரவு அழைப்பு வந்தது. அதையும் மறுத்தேன். அதனால் மதம் காரணமில்லை என்று எனக்குத் தெளிவாக இருக்கிறது.

சேலத்துக்காரன்

அப்படியானால் அதையே சொல்லலாமே? "அவர்கள் வீட்டுக்கும் அனுப்பவில்லை" என்று.

வாணியம்பாடி மகள்

வேண்டாம். அவர் கேட்காதபோது அதைச் சொன்னால், நீங்கள் எதை நினைத்துச் சொல்கிறீர்கள் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆலமரத்தடி

நான் எழுதிக்கொடுத்த செய்தியைத் திரும்பப் பெறுகிறேன். அந்த இரண்டு இரவுகள் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். ஒரு வீட்டார் தங்கள் பிள்ளையை உங்களிடம் இரவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பின் உங்கள் மறுப்பு வாட்ஸப்பில் போகக் கூடாது. நேரில் போங்கள், அந்த இரண்டு இரவுகளை நீங்களே எடுத்துப் பேசுங்கள். நீங்கள் பேசாவிட்டால் அவர் மனதில் அது பேசும்.

பொள்ளாச்சியை மறைக்கவும் வேண்டாம். "சொந்தக்காரர் வீடு தவிர இரவில் விடுவதில்லை" என்பதுதான் உங்கள் உண்மையான வழக்கம் என்றால் அப்படியே சொல்லுங்கள். சொன்ன பிறகு அதை மீறாதீர்கள். அடுத்த வருடம் வேறு யார் வீட்டிலாவது ஒரு இரவு விட்டால், இன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிடும். இன்னொன்று, மற்றப் பிள்ளைகளை உங்கள் வீட்டில் இரவு தங்கக் கூப்பிடவும் கூடாது. பிள்ளையை வாங்கிக்கொள்வேன், தரமாட்டேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவசரத்துக்கு வருவது வேறு.

மகளுக்கு முதலில் சொல்லுங்கள். அவள் அழட்டும். அவளைச் சமாதானப்படுத்த அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள், "யார் யாரோ வருவார்கள்" என்றுகூட. பிள்ளைகள் அதை அப்படியே தோழியிடம் ஒப்பிப்பார்கள். தோழி கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: "ராத்திரி தூங்க மட்டும் அம்மா கூட்டிக்கொண்டு போய்விடுவார், காலையில் வந்துவிடுவேன்."

வாணியம்பாடி மகள்

"சொந்தக்காரர் வீடு தவிர" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து வருடம் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, நீங்கள் சொந்தம் இல்லை என்று வீட்டுக்கே போய்ச் சொல்வதாக இருக்கிறது.

மூன்று பிள்ளைத் தாய்

நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், சரி. ஆனால் அந்த அறிக்கையில் தெரிந்தவர் என்ற கணக்கில் உறவினரும் வருகிறார்கள். பொள்ளாச்சிக்குப் பத்து நாள் அனுப்பிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓர் இரவு கிடையாது என்றால், அந்த வழக்கம் பாதுகாப்புக்காக என்று என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கத்தையே யோசித்துப் பாருங்கள்.

ஆலமரத்தடி

இதில் உங்களை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. அது அந்தப் பெற்றோர் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

தாமிரபரணி

நடுவில் என் பிரச்சினை. மகனுக்கு எட்டு வயது. நண்பன் வீட்டார் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு ஐந்து பையன்களை அழைத்துப் போகிறார்கள், கூட வரும் பெரியவர்கள் இரண்டு பேர். அவனுக்கு நீச்சல் தெரியாது. வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது நாளை மாற்றுகிறோம் என்கிறார்கள்.

ஆலமரத்தடி

நாளை மாற்றுவார்கள் என்றுதான் மேலே எழுதினேன். உங்களுக்கு இது எளிது, காரணம் உங்கள் பிள்ளையிடமே இருக்கிறது. "அவனுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே பழகிவிட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டு பேர் ஐந்து பையன்களைப் பார்க்க முடியாது என்று சொல்லாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அவர்களைக் குறைசொல்வதாகிவிடும். முடிந்தால் உங்கள் டிக்கெட்டை நீங்களே எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். அவர்களுக்கும் மூன்றாவது ஆள் கிடைத்தால் நிம்மதியாக இருக்கும்.

நொய்யல்கரை

நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாலை மேலே போனேன். அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டம், நானும் சமைக்க வருகிறேன், இங்கேயே சாப்பிடுகிறேன் என்றேன். பிறகு சொன்னேன்: "நீங்கள் உங்கள் பிள்ளையை என்னிடம் இரண்டு இரவு விட்டீர்கள், அதை நான் மறக்கவில்லை. நாங்கள் மகளைப் பொள்ளாச்சி தவிர எங்கும் இரவில் விடுவதில்லை. பத்தரை மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன வருடம் காய்ச்சல் என்று சொன்னது பொய். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்."

அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்றைக்கே தெரியும்" என்றார். பிறகு, "பொள்ளாச்சி அக்கா மாதிரி நான் இல்லையா?" என்று கேட்டார். வாணியம்பாடி சகோதரி சொன்னது அப்படியே நடந்தது. என்னிடம் பதில் இல்லை. "நீங்கள் கேட்பது நியாயம்தான், ஆனாலும் என்னால் முடியவில்லை அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து தேநீர் போட்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கே போய்விட்டேன். தேங்காய்ச் சாதம், சால்னா, பிள்ளைகளுக்குச் சப்பாத்தி. பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இரண்டு முறை சோறு போட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் பத்தே காலுக்கு முடிந்தது. மகள் அழுதாள், படியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். தோழிதான் வந்து, அவள் தலையணை இங்கேயே இருக்கட்டும், காலையில் வருவாள் இல்லையா என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தாள். காலையில் ஏழு மணிக்கே மேலே ஓடிவிட்டாள்.

அக்கா முன்போலப் பேசுகிறார். ஆனால் "பொள்ளாச்சி அக்கா" என்ற பேச்சு வந்தால் ஒரு நொடி நிற்கிறார். நானும் கணவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு, இந்த வீட்டுக்கு மட்டும் விடலாமே என்று தோன்றுகிறது. எனக்கு, மே மாதம் பொள்ளாச்சிக்கும் நானே கூடப் போய்விடலாமா என்று தோன்றுகிறது.

ஸ்கார்பரோ அப்பா

மே மாதம் நீங்களும் பொள்ளாச்சிக்குக் கூடப் போனால் உங்கள் அக்காவிடம் என்ன சொல்வீர்கள்?

நொய்யல்கரை

அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.